பூட்டிய வீட்டில் ஒரு லேப்டாப்

மூன்று மாதப் பயணம் கிளம்புகிறவர்களில் பலர் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக நேர்கிறது. கணக்கு மென்பொருளின் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கும். பல வருஷக் கோப்புகள் அதில் கிடக்கும். சிலருக்குத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம். அதனால் அது வீட்டு மேசையில் ஓடிக்கொண்டிருக்கட்டும், இருக்கிற இடத்திலிருந்து அதன் திரையைத் திறந்து வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதற்கான மென்பொருளை நிறுவப் பத்து நிமிஷம் போதும். நிறுவிவிட்டு ஹாலிலிருந்து செல்போனில் திறந்து பார்க்கிறார்கள், திரை தெரிகிறது, ஏற்பாடு முடிந்தது என்று பெட்டி கட்டுகிறார்கள்.

லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த ஏற்பாடு போதும். ஒரு மழை இரவில் நான்கு மணி நேரம் மின்சாரம் போய்த் திரும்பிய பிறகும் அது போதுமா என்பதைத்தான் கிளம்புவதற்கு முன் பார்த்தாக வேண்டும். மின்சாரம் வர வேண்டும், லேப்டாப் தானே எழ வேண்டும், விண்டோஸ் எதையும் கேட்காமல் உள்நுழைவுத் திரைவரை வர வேண்டும், இணையம் சேர வேண்டும், யாரும் கடவுச்சொல் போடுவதற்கு முன்பே தொலைதொடர்பு மென்பொருள் விழித்திருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று அறுந்தாலும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் இந்த வரிசையை ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுத்தான் டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பயணம். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போக வேண்டும். அவருடையது விண்டோஸ் 11 ப்ரோ ஓடும் டெல் லேட்டிட்யூட். அவர் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். லேப்டாப்புக்குள் பேட்டரி இருப்பதால் மின்வெட்டு அதை உடனே பாதிக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் விண்டோஸ் மின் இணைப்பில் இருக்கும்போது ஒரு அமைப்பையும், பேட்டரியில் இருக்கும்போது வேறொரு அமைப்பையும் பின்பற்றுகிறது. லேப்டாப் தூங்கக் கூடாது என்று மின் இணைப்பு நிலைக்கு மட்டும் மாற்றிவிட்டுப் பேட்டரி நிலையை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கரண்ட் போன சில நிமிஷங்களில் அது தூங்கிவிடும். பிறகு கரண்ட் வந்தாலும் பெரும்பாலான லேப்டாப்கள் தூக்கத்திலிருந்து தாமாக எழாது. பத்து நிமிஷ மின்வெட்டே போதும், மூன்று மாதத் தொடர்பு போய்விடும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து இந்த நான்கு வரிகளையும் கொடுத்துவிட்டால் இரண்டு நிலைக்கும் சேர்த்துத் தூக்கம் நின்றுவிடும்:

```
powercfg /change standby-timeout-ac 0
powercfg /change standby-timeout-dc 0
powercfg /change hibernate-timeout-ac 0
powercfg /change hibernate-timeout-dc 0
```

ac என்பது மின் இணைப்பு, dc என்பது பேட்டரி. மூடியை மூடினால் என்ன செய்வது என்பதற்கும் கண்ட்ரோல் பேனலில் இதேபோல இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் Do nothing என்று வைக்க வேண்டும். வைத்தபிறகும் மூடியைத் திறந்தே விட்டுப் போவது நல்லது. சில மாடல்களில் விசைப்பலகை வழியாகத்தான் சூடு வெளியேறுகிறது. திரை தானாக அணைந்துகொள்ளும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மின்வெட்டு நீண்டு பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி வருகிறது. கரண்ட் திரும்பியதும் லேப்டாப்பை யார் போடுவது? மேசைக் கணினிகளில் மின்சாரம் வந்ததும் தானே எழச் சொல்லும் வசதி சாதாரணமாக இருக்கும். லேப்டாப்களில் எல்லாவற்றிலும் இருக்காது. அலுவலகப் பயனுக்கென்று விற்கப்படும் வரிசைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கும். டெல்லில் அதன் பெயர் Wake on AC. திங்க்பேடில் Power On with AC Attach. எச்.பி.யில் Power On When AC Detected. கணினி எழும்போதே டெல் என்றால் F2, திங்க்பேட் என்றால் F1, எச்.பி. என்றால் F10 அழுத்தி பயாஸ் திரைக்குள் போய்த் தேட வேண்டும். இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் லேப்டாப் தானே எழாத வகை என்பதை ஏற்றுக்கொண்டு, வந்து பட்டனை அழுத்த ஓர் ஆளையும், இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கையும் ஏற்பாடு செய்ய வேண்டும். மென்பொருளால் இதைச் சரிக்கட்ட வழியில்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரௌட்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது? லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ரௌட்டருக்கு இல்லை. ஃபைபர் இணைப்பில் ரௌட்டர் ஒன்று, சுவரில் தனியாக ஒரு பெட்டி ஒன்று என்று இரண்டு இருக்கலாம். இரண்டும் ஓட வேண்டும். மதுரைக்காரர் வீட்டில் ரௌட்டர் மட்டும் இன்வெர்ட்டர் வரிசையில் இருந்தது, சுவர்ப் பெட்டி சாதாரண வரிசையில் இருந்தது. மெயினை அணைத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். வாங்கும்போது ரௌட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பிராட்பேண்ட் கட்டணத்தைத் திரும்பி வரும் நாளையும் தாண்டிக் கட்டிவிடுங்கள். எல்லா ஏற்பாடும் சரியாக இருந்தும் ரீசார்ஜ் முடிந்து இணைப்பு போனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு லேப்டாப் செத்த மாதிரியேதான் தெரியும்.

பேட்டரியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மாதக்கணக்கில் நூறு சதவீதத்தில் சொருகியே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் கெடும், சில சமயம் உப்பும். இதற்காகவே லேப்டாப் நிறுவனங்கள் சார்ஜை 80 சதவீதம் அளவில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. லெனோவோவில் அது Conservation Mode. டெல்லில் பயாஸுக்குள்ளேயே Primarily AC Use என்று இருக்கும். அதைப் போட்டு, லேப்டாப்பை மெத்தை, துணி, காகிதக் கட்டு எதன்மேலும் இல்லாமல் வெறும் மேசையில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் கண்மட்டத்தில் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதைப் பூட்டிய வீட்டில் மின்சாரத்தில் விட்டுப் போகக் கூடாது. பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்ற எல்லாம்.

இனி விண்டோஸ். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தீர்வு என்னவோ எளிது, ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் கணினி விண்டோஸுக்குள்ளேயே போகாததால் தொலைவிலிருந்து யாரும் உள்ளே வர முடியவில்லை. பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினி முன்னாலும் போய் நின்றார்கள். அங்கேயும் பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைக் கேட்டு வழிமறித்தது. விண்டோஸ் எழாத நிலையில் ஏனிடெஸ்க்கும் பயன்படாது, வேறெதுவும் பயன்படாது.

பிட்லாக்கர் என்பது வன்தட்டில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் ஏற்பாடு. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் நாம் கேட்காமலே அது இயங்கியிருக்கும். அன்றாடம் நம் கண்ணில் படாது, லேப்டாப்புக்குள் இருக்கும் சிப் சாவியைக் கொடுத்துத் திறந்துவிடும். பயாஸ் மாறினாலோ, எழும் முறையில் ஏதாவது வேறுபாடு தெரிந்தாலோ சிப் சாவியைக் கொடுக்காது, நீலத் திரையில் 48 இலக்கக் குறியீட்டைக் கேட்டு நிற்கும். உங்கள் குறியீடு எது என்று நிர்வாகி உரிமையோடு இப்படிப் பார்க்கலாம்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்ற தலைப்பின் கீழ் வருவதுதான் அது. தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் வீட்டுக்குப் போகிறவருக்குப் போனில் வாசித்துக் காட்டலாம். லேப்டாப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை. எழும்போதே பின் எண் கேட்கும்படி பிட்லாக்கரை அமைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடே ஒத்துவராது, ஏனென்றால் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டும்.

அப்டேட்டுகளை எப்படிக் கையாள்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் எதையும் புதுப்பிக்கக் கூடாது. பயாஸ், டிரைவர், விண்டோஸ் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்னால் முடித்து, சில தடவை அணைத்துப் போட்டு, பிட்லாக்கர் எதுவும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு செட்டிங்ஸில் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். மூன்று மாதப் பயணத்தில் அந்தக் கெடு நடுவில் முடியும். முடிவதற்கு முன், வேலைக் கெடு எதுவும் நெருங்காத ஒரு நாளில், வீட்டுக்குப் போகக்கூடியவர் ஊரில் இருக்கும் நேரம் பார்த்து நீங்களே உள்ளே போய் அப்டேட்டை ஓட்டிவிடுவது நல்லது. அது தானாக ஓடி மாதத்தின் 19ஆம் தேதி இரவு மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

உள்ளே வருவதற்கு வழி இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு நிறுவனத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். மதுரைக்காரர் முதல் வழியாகக் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டார். விண்டோஸில் அது பின்னணிச் சேவையாக ஓடுவதால் யாரும் உள்நுழையாத நிலையிலும் திரையைக் காட்டும். ஏனிடெஸ்க் போன்றவற்றை விரும்புகிறவர்கள் இறக்கியதை அப்படியே ஓட்டாமல் முறையாக நிறுவி, ஆளில்லா அணுகலுக்கான கடவுச்சொல்லையும் வைக்க வேண்டும். நிறுவாமல் ஓட்டியது மறுதொடக்கத்தோடு போய்விடும்.

இரண்டாவது வழி விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப், டெய்ல்ஸ்கேல் என்ற தனிப்பாதை வழியாக. ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் வசதி ப்ரோ பதிப்பில்தான் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. ரௌட்டரில் 3389ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் நேரே வரலாமே என்று சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். திறந்திருக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு அதுதான் பழைய வாசல். டெய்ல்ஸ்கேல் உங்கள் கருவிகளுக்கு மட்டும் தெரியும் பாதையைப் போடுகிறது. அதில் இரண்டு இடங்களைத் தொட வேண்டும். லேப்டாப்பில் Run unattended என்பதைப் போடாவிட்டால் யாராவது உள்நுழைந்த பிறகுதான் பாதை திறக்கும். அடுத்து, கருவியின் சாவி சாதாரணமாக 180 நாளில் காலாவதியாகும். எப்போதோ நிறுவியிருந்தால் அந்த 180ஆம் நாள் உங்கள் பயணத்துக்கு நடுவில் வந்து விழலாம். நிர்வாகப் பக்கத்தில் அந்த லேப்டாப்புக்கு மட்டும் Disable key expiry கொடுத்துவிடலாம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் பலரைத் தடுமாற வைக்கும் இன்னொன்று, தினமும் போடும் நான்கிலக்கப் பின் எண் அதில் செல்லாது. முழுக் கடவுச்சொல் வேண்டும். வருஷக்கணக்கில் பின்னிலேயே பழகியவர்களுக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது. நினைவிருந்தாலும், அந்த லேப்டாப்பில் ஒரு தடவையாவது கடவுச்சொல்லைப் போட்டு உள்நுழைந்திருந்தால்தான் சிக்கலில்லாமல் ஏற்கும். கிளம்புவதற்கு முன் பின்னுக்குப் பதில் கடவுச்சொல்லைப் போட்டு ஒரு தடவை உள்ளே போங்கள்.

வெளிநாட்டிலிருந்து, புதுக் கருவியில், கூகுள் கணக்கில் நுழையும்போது அது சந்தேகப்பட்டு இரண்டாவது சான்று கேட்கும். அந்தச் சான்று இந்திய சிம்முக்கு வரும் ஓடிபி என்றால், சிம் உயிரோடு, ரோமிங்கோடு, கையில் இருக்க வேண்டும். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகள் தருகிறது, ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. அவற்றை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்காமல் வேறு பையில் வையுங்கள். செல்போனும் பாஸ்போர்ட்டும் ஒரே கைப்பையில் போவதுதான் வழக்கம், தொலைந்தால் சேர்ந்தே தொலையும்.

இவ்வளவும் செய்தபின் ஒத்திகை. இதைத் தவிர்த்தால் மேலே சொன்ன எதற்கும் உத்தரவாதம் இல்லை. செல்போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வைஃபைக்குள்ளிருந்து செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. முதலில் லேப்டாப்பை மறுதொடக்கம் செய்து, தொடாமல், உள்நுழைவுத் திரை செல்போனில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ரௌட்டரைப் பத்து நிமிஷம் அணைத்துப் போடுங்கள். கடைசியாகச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் தானாகச் சாகும்வரை காத்திருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கு பிறகு உதவும். செத்தபின் சார்ஜரைச் சொருகி, எதையும் தொடாமல், பதினைந்து நிமிஷம் பாருங்கள். எழுந்து இணைந்தால் வரிசை முழுதும் சரி.

மதுரைக்காரர் எதிர்வீட்டுப் பையனையும் ஒத்திகையில் சேர்த்துக்கொண்டார். சாவியைக் கொடுத்து, லேப்டாப் இருக்கும் அறைக்குப் போகச் சொல்லி, தெருமுனையிலிருந்து போன் செய்தார்.

“தம்பி, பவர் பட்டன்ல லைட் எரியுதா பாரு.”

“எரியுது மாமா. ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல.”

“சரி, பட்டன அமுக்கி அப்படியே வச்சிரு. விடாத. லைட் அணையிற வரைக்கும்.”

பையன் முதலில் தட்டிவிட்டு எடுத்துவிட்டான். அழுத்துவதும் பிடித்திருப்பதும் வேறு என்பது போனில் சொன்னால் புரியவில்லை. அதனால் லேப்டாப் பக்கத்தில் ஒட்டிய தாளில் ‘பத்து எண்ணும்வரை விரலை எடுக்காதே, பிறகு ஒரு நிமிஷம் விட்டு ஒரு தட்டு தட்டு’ என்று எழுதினார். தாளில் கடவுச்சொல் எதுவும் இல்லை. பையன் எந்த நேரம் வீட்டில் இருப்பான் என்பதையும் கேட்டுக்கொண்டார். கோடையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மதியம் இரண்டரை என்றால் இங்கே நள்ளிரவு, 20ஆம் தேதியின் கெடு முடியும் நேரமும் அதுதான்.

தானே எழும் லேப்டாப் இருந்தால் அதன் சார்ஜருக்கு வைஃபை ஸ்மார்ட் பிளக் ஒன்று போட்டுக்கொள்வது நல்ல செலவு. செல்போன் செயலியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கலாம். லேப்டாப்பின் ஆம்பியரை எளிதில் தாங்கும், மின்வெட்டுக்குப் பிறகு கடைசி நிலைக்கோ ஆன் நிலைக்கோ தானே திரும்பும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஆஃப் நிலையில் எழுகிற பிளக் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஜூலையில் ஒரு காலை மதுரைக்காரருக்குக் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் லேப்டாப்பை ஆஃப்லைன் என்று காட்டியது. டெய்ல்ஸ்கேலிலும் அப்படியே. அவர் பிளக்கின் செயலியைத் திறந்தார். பிளக் பதில் சொன்னது. அப்படியானால் வீட்டில் கரண்ட் இருக்கிறது, இணையமும் இருக்கிறது, கோளாறு லேப்டாப்பில் மட்டும். பிளக்கும் பேசாமல் இருந்திருந்தால் பையனைக் கூப்பிட்டு வீட்டு விளக்கையும் ரௌட்டரையும் பார்க்கச் சொல்லியிருப்பார். அப்டேட் ஏதும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு மணி நேரம் விட்டார், மாற்றமில்லை. பிளக்கை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போட்டார். லேப்டாப் வெறுமனே அணைந்திருந்தால் சார்ஜ் வந்ததை உணர்ந்து அப்போதே எழுந்திருக்கும். எழவில்லை என்பதால் அது அணையவில்லை, ஓடியபடியே உறைந்து நிற்கிறது என்று ஊகித்தார். மேசைக் கணினி என்றால் மின்சாரத்தை வெட்டிய நொடியே உறைவு தீரும். லேப்டாப்பைப் பேட்டரி பிடித்துவைத்துக்கொள்கிறது, அது தீரும்வரை உறைந்தே இருக்கும். ஒத்திகையில் அவருடையது தீர நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருந்தது. பிளக்கை அணைத்து ஆறு மணி நேரம் விட்டார். இந்திய நேரம் நள்ளிரவு தாண்டியிருந்ததால் பையனை எழுப்பாமல் பிளக்கைப் போட்டார், பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். டெய்ல்ஸ்கேலில் முதலில் பச்சைப் புள்ளி வந்தது, பிறகு உள்நுழைவுத் திரை.

உள்ளே போனதும் அவர் முதலில் செய்தது அன்றைய கணக்குத் தரவை வெளியே கிளவுட் கோப்புறைக்கு ஒரு பிரதி எடுத்ததுதான். தினமும் இரவு அது தானாகப் போகும்படி ஏற்கெனவே வைத்திருந்தார். முந்தைய இரவின் பிரதி பாதியில் நின்றிருந்தது.